வளைத்தால் வளரும் தகடு

ஒரு சேனல் செய்ய வேண்டும். அடிப்பாகம் 100 மி.மீ., இரண்டு பக்கமும் நிற்கும் சுவர்கள் 40 மி.மீ., எல்லாமே வெளி அளவு. தகடு 2 மி.மீ. சிஆர் ஷீட், பழைய ஆட்கள் 14 கேஜ் என்பார்கள். வளைப்பதற்கு முன் தட்டையாக எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது? நாற்பதும் நூறும் நாற்பதும் சேர்த்தால் 180. ஆனால் 180 மி.மீ. வெட்டி வளைத்தால் சேனல் எங்கேயாவது ஏழெட்டு மி.மீ. கூடுதலாக நிற்கும். சரியான அகலம் 172.4.

கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் பேனல் போர்டு, சமையலறை மேசை, இயந்திர மூடி என்று தகட்டு வேலை செய்யும் பட்டறைகளில் இந்த 7.6 மி.மீ. தினமும் வந்து போகும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால், அதன் கூடவே வரும் இன்னொரு தொல்லையான ஸ்பிரிங் பேக்கும் பிடிபடும். இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் தகட்டுக்குக் கீழே இருக்கும் டை. பிரஸ் பிரேக் என்கிற வளைக்கும் இயந்திரத்தில் மேலே கத்திபோல நீளமாக ஒரு பஞ்ச் இறங்கும். கீழே 'வி' வடிவப் பள்ளம் வெட்டிய டை கிடக்கும். தகட்டை டையின் மேல் வைத்து, பின்னால் இருக்கும் பேக் கேஜ் என்ற தடுப்பில் முட்டவைத்து, பெடலை மிதித்தால் பஞ்ச் தகட்டைப் பள்ளத்துக்குள் தள்ளும். இப்போது பெரும்பாலான பட்டறைகளில் தகடு பள்ளத்தின் அடிவரை போவதில்லை. டையின் இரண்டு தோள்களிலும் பஞ்சின் நுனியிலுமாக மூன்று கோடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, நடுவே காற்றில் வளைகிறது. அதனால் இதற்கு ஏர் பெண்டிங் என்று பெயர். பஞ்ச் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு கோணம்.

காற்றில் வளைவதால் ஒரு விசேஷம் உண்டு. மூலையின் உள்பக்க வளைவு எவ்வளவு பெரிதாக அமையும் என்பதைப் பஞ்சின் நுனி தீர்மானிப்பதில்லை. நுனி அந்த வளைவை விடப் பெரிதாக இல்லாதவரை, டையின் வாய் அகலம்தான் தீர்மானிக்கிறது. சாதா இரும்புத் தகட்டில் உள் ஆரம் அந்த வாய் அகலத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் வரும். துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 தகட்டில் 20 சதவீதத்தை ஒட்டி வரும். தகட்டின் கனத்தைப்போல எட்டு மடங்கு வாய் உள்ள டையை எடுப்பது இங்கே வழக்கம். நம் 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. வாய். அதில் 16 சதவீதம் 2.56, 2.6 என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் பஞ்சின் நுனி 1 மி.மீ. ஆரம் உள்ளதாக இருந்தாலும் மூலை 2.6-ஆகத்தான் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நம்ப மறுக்கிற விஷயம் இது. பஞ்சை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், டையைத் தொடமாட்டார்கள்.

இப்போது 180-க்கு வருவோம். வெளி அளவு எடுக்கும்போது இரண்டு பக்கங்களையும் கூர்மையான ஒரு மூலைவரை நீட்டி அளக்கிறோம். தகடு அந்த மூலைவரை போவதே இல்லை. தெருமுனையில் வீட்டைச் சுற்றிப் போகாமல் காலி மனையில் குறுக்கே நடப்பவரைப்போல, வளைந்து சுருக்கமாகப் போய்விடுகிறது. எனவே மூலைக்கு மூலை ஒரு நீளத்தை நாம் அதிகமாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

எவ்வளவு அதிகம்? வளைவு தொடங்கும் இடத்திலிருந்து கூர்மூலை வரை ஒரு பக்கத்தில் உள்ள தூரம், 90 டிகிரி வளைவில், உள் ஆரமும் கனமும் சேர்ந்தது: 2.6 + 2 = 4.6. இரண்டு பக்கமும் சேர்த்தால் 9.2 மி.மீ. இது நாம் காகிதத்தில் அளந்த வழி. தகடு உண்மையில் போன வழி வளைவின் நீளம். அதைத்தான் பெண்ட் அலவன்ஸ் என்கிறார்கள்.

வளைவின் நீளத்தை எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் சூட்சுமம். வளையும்போது தகட்டின் வெளித்தோல் இழுபடுகிறது, உள்தோல் நசுங்குகிறது. நடுவில் எங்கோ ஒரு அடுக்கு நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. தட்டையாக இருந்தபோது என்ன நீளமோ அதே நீளம்தான் வளைந்த பிறகும் அதற்கு. எனவே அந்த அடுக்கின் நீளத்தைக் கணக்கிட்டால் வெட்டவேண்டிய நீளம் கிடைத்துவிடும். அந்த அடுக்கு கனத்தின் சரிபாதியில் இருந்தால் வேலை எளிது. ஆனால் இறுக்கமாக வளைக்கும்போது அது உள்பக்கம் நகர்ந்துவிடுகிறது. உள்தோலிலிருந்து கனத்தில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு கே ஃபேக்டர் என்று பெயர். நம் தகட்டுக்கு 0.42 என்று வைத்துக் கணக்குப் போடலாம். அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உள் ஆரம் 2.6. அதனுடன் கனத்தில் 0.42 பங்கு, அதாவது 0.84. கூட்டினால் 3.44. இந்த ஆரத்தில் கால் வட்டம் போட்டால், 1.5708 × 3.44 = 5.40 மி.மீ. தகடு போன வழி இதுதான். காகிதத்தில் அளந்த வழி 9.2. வித்தியாசம் 3.8. ஒரு வளைவுக்கு இவ்வளவைக் கழிக்க வேண்டும். பட்டறையில் பெண்ட் டிடக்ஷன் என்பார்கள். சேனலில் இரண்டு வளைவு, 7.6. 180-லிருந்து கழித்தால் 172.4.

பேக் கேஜை எங்கே நிறுத்துவது என்பதும் இதே எண்ணிலிருந்து வரும். 40 மி.மீ. சுவர் வேண்டுமென்றால், கழிவில் பாதியான 1.9-ஐக் குறைத்து, பஞ்சின் நடுக்கோட்டிலிருந்து 38.1 மி.மீ. தூரத்தில் தடுப்பு நிற்க வேண்டும். மறுபக்கமும் அதே 38.1. நடுவே மிஞ்சுவது 96.2, வளைத்து முடித்தால் 100.

கே ஃபேக்டரில்தான் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். வரைபடம் போடும் ஒரு மென்பொருள் ஒன்றும் சொல்லாவிட்டால் 0.44 என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று 0.5 என்று எடுத்துக்கொள்ளும். DIN 6935 என்ற ஜெர்மன் தரநிலையின் சூத்திரத்தில் நம் சேனலைப் போட்டால் 0.35 வருகிறது. 0.5 என்றால் வெட்டும் அகலம் 172.9, 0.35 என்றால் 172.0. ஒரே சேனலுக்கு, ஒரே டைக்கு, கிட்டத்தட்ட ஒரு மி.மீ. இடைவெளி. எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. ஒரு துண்டை வளைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அதே தகட்டில், அதே டைக்காக, சரியாக 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை வெட்டி வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் 90 டிகிரி வளைத்து, இரண்டு கால்களின் வெளி அளவையும் எடுத்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 103.8 வந்தால், கழிவு 3.8. கே ஃபேக்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம். மென்பொருளுக்கு வேண்டுமென்றால் இதிலிருந்து பின்னோக்கிப் போட்டால் 0.42 கிடைக்கும். துண்டு துல்லியமாக 90-இல் நிற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 92-இல் நிற்கும் துண்டை அளந்தால் வரும் எண் எதற்கும் உதவாது. ஆகவே நீளத்தைச் சரிசெய்வதற்கு முன் கோணத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

இங்கேதான் ஸ்பிரிங் பேக். பஞ்சை 90 டிகிரி வரும் ஆழத்துக்கு இறக்கி மேலே தூக்கினால், தகடு கொஞ்சம் விரிந்து 91-இல் போய் நிற்கும். நடுவில் நீளாத அடுக்கைச் சுற்றியுள்ள மெல்லிய பகுதி நிரந்தரமாக உருமாறும் அளவுக்கு இழுபடவே இல்லை; வெறும் ரப்பராக இழுபட்டு, விட்டதும் பழையபடி ஆகப் பார்க்கிறது. உருமாறிய வெளித்தோலிலும் கொஞ்சம் இழுவிசை தங்கியிருக்கிறது. அழுத்தம் விலகிய கணத்தில் இவை எல்லாம் சேர்ந்து மூலையைத் திறக்கின்றன.

எவ்வளவு திறக்கும் என்பது இரண்டைப் பொறுத்தது. உலோகம் வளைந்துகொடுக்க எவ்வளவு விசை கேட்கிறது என்பது ஒன்று. அதன் விறைப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. சாதா இரும்பு ஏறத்தாழ 1 டிகிரி திரும்பும். எஸ்எஸ் 304-க்கு விறைப்பு இரும்பைப் போலத்தான், ஆனால் வளைக்க வளைக்கக் கடினமாகிக்கொண்டே போகும் சுபாவம் அதற்கு. எனவே 2 முதல் 3 டிகிரி திரும்பும். அலுமினியம் மென்மையானது என்று அசட்டையாக இருக்க முடியாது; அதன் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். வலுவேற்றிய அலுமினியத் தகடு எஸ்எஸ்ஸுக்குச் சமமாகத் திரும்புவதுண்டு.

உள் ஆரம் கூடினால் திரும்புவதும் கூடும். கனத்துக்குச் சமமான ஆரத்தில் 1 டிகிரி திரும்பும் தகடு, கனத்தைப்போலப் பத்து மடங்கு ஆரத்தில் வளைத்தால் பல டிகிரி திரும்பும். உள் ஆரத்தைத் தருவது டையின் வாய் என்று பார்த்தோம். ஆக, வாய் அகலமான டையைப் போட்டால் நீளக் கணக்கும் மாறுகிறது, திரும்பும் கோணமும் மாறுகிறது.

இதற்கு ஈடுகட்டுவது எப்படி? முன்கூட்டியே கூடுதலாக வளைத்துவிடுவதுதான். எஸ்எஸ் 304-இல் 2.5 டிகிரி திரும்பும் என்று தெரிந்தால், அழுத்தத்தில் இருக்கும்போதே 87.5 வரை கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு டையில் இடம் இருக்க வேண்டும். டையின் பள்ளமே 88 டிகிரி என்றால், தகடு 88-இல் பள்ளத்தின் சுவரில் ஒட்டிவிடும், அதற்கு மேல் நகராது. இரும்புக்கு 88 டிகிரி டை தாங்கும். எஸ்எஸ்ஸுக்கு 85 அல்லது அதற்கும் கீழே உள்ள டைதான் வேண்டும். 88 டிகிரி டையில் எஸ்எஸ்ஸை வைத்து, கோணம் வரவில்லையே என்று டன் கணக்கை ஏற்றிக்கொண்டே போனால் டையும் பஞ்சும்தான் கெடும். எஸ்எஸ் ஏற்கெனவே இரும்பைப்போல ஒன்றரை மடங்கு விசை கேட்பது. நம் சேனல் 1 மீட்டர் நீளமானால் இரும்பில் சுமார் 16 டன் போதும். எஸ்எஸ்ஸில் 24 டன்னை ஒட்டி வரும்.

ஆழத்தில் இந்தத் திருத்தம் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். 16 மி.மீ. வாய், 2 மி.மீ. தகடு, 90 டிகிரியை ஒட்டிய நிலை. இதில் 1 டிகிரிக்குப் பஞ்ச் கூடுதலாக இறங்க வேண்டிய ஆழம் சுமார் 0.08 மி.மீ. அலுவலகத்தில் அச்செடுக்கும் காகிதத்தின் கனம்கூட 0.1 மி.மீ. இருக்கும். எஸ்எஸ்ஸுக்கு 2.5 டிகிரி ஈடுகட்ட 0.2 மி.மீ. போதும். சிஎன்சி இயந்திரத்தில் ஆபரேட்டர் ஆழத்தைத் தொடுவதில்லை. முதல் துண்டை வளைத்து, எடுத்து, கோணமானியில் அளந்து, 92.5 வந்தால் திருத்தக் கட்டத்தில் −2.5 என்று அடிப்பார். ஆழத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது துண்டு 90.2-இல் நின்றால் இன்னும் ஒரு சின்ன திருத்தம். மூன்றாவது துண்டிலிருந்து உற்பத்தி.

சேனலில் இந்த 2.5 டிகிரியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் பார்க்கலாம். 40 மி.மீ. உயரச் சுவர் 2.5 டிகிரி சாய்ந்தால் அதன் உச்சி 1.75 மி.மீ. வெளியே போய்விடும். இரண்டு சுவரும் சாய்ந்தால் சேனலின் வாய் 3.5 மி.மீ. அகலம். மூடி உட்காராது.

சரி, ஒருமுறை திருத்தினால் தீர்ந்துவிடுமா? தகடு ஒழுங்காக இருந்தால் தீரும். ஆனால் 2 மி.மீ. என்று வாங்குகிற தகடு எப்போதும் 2.00 இல்லை. பஞ்ச் அதே ஆழத்துக்கு இறங்கும்போது, தகடு 0.1 மி.மீ. கூடுதல் கனமாக இருந்தால், பஞ்சுக்கும் டையின் தோளுக்கும் இடையே அது அதிகமாக அமுங்கி, கோணம் ஒன்றரை டிகிரிக்கு மேல் இறுகிவிடும். 90-இல் நின்ற வேலை திடீரென்று 88.5-இல் நிற்கும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் மைக்ரோமீட்டரைத் தேட வேண்டிய சமயம் அது. வளைக்கும்போதே கோணத்தை லேசரில் பார்த்து, அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, மறுபடி தேவையான அளவு அழுத்தும் இயந்திரங்கள் இருக்கின்றன. விலை அதிகம். சிறு பட்டறைகளில் புதுக்கட்டு பிரித்ததும் கனத்தை அளந்து பார்ப்பதே வழி.

தகட்டை ஆலையில் உருட்டிய திசையும் பேசும். உருட்டிய திசைக்கு இணையாக வளைத்தால் ஒரு கோணமும் குறுக்கே வளைத்தால் இன்னொரு கோணமும் வரும். சேனலில் இரண்டு வளைவும் ஒரே திசை என்பதால் இது தெரியாது. நான்கு பக்கமும் மடிக்கும் தட்டில் தெரியும்: எதிரெதிர் சுவர்கள் ஒன்றுபோல இருக்கும், பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் அரை டிகிரி வேறுபடும்.

நீள வேலையில் இன்னொரு அடையாளம் கிடைக்கும். இரண்டு மீட்டர் சேனலை இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளக்க வேண்டும். முனைகள் 90, நடு 91 என்றால் ஸ்பிரிங் பேக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. சிலிண்டர்கள் இரு ஓரத்தில் இருப்பதால், அழுத்தத்தில் மேல்கட்டை நடுவில் மேலேயும் கீழ்க்கட்டை நடுவில் கீழேயும் வளைகின்றன. நடுவில் பஞ்ச் அந்த 0.08 மி.மீ. இறங்காமல் போய்விடுகிறது. புதிய இயந்திரங்களில் கீழ்க்கட்டையை நடுவில் உயர்த்தும் ஏற்பாடு உண்டு, கிரௌனிங் என்பார்கள். பழையதில் டைக்கு அடியில் நடுப்பகுதியில் காகிதத் துண்டோ மெல்லிய ஷிம் தகடோ செருகுவார்கள். 0.08 மி.மீ. என்ற எண் தெரிந்தவருக்கு இது கைவைத்தியமாகத் தோன்றாது. ஒரு முனை 90, மறுமுனை 91, நடு இரண்டுக்கும் இடையில் என்றால் கட்டை சாய்ந்திருக்கிறது. திரையில் Y1, Y2 என்று தெரியும் இரண்டு சிலிண்டர்களின் ஆழத்தையும் ஒப்பிட வேண்டும்.

கோணத் தப்பு இப்படி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூலைமட்டத்தை வைத்த உடனே வெளிச்சம் தெரியும். நீளத் தப்புதான் ஒளிந்துகொள்ளும். ஒரு பேனல் போர்டுக் கதவை எடுத்துக்கொள்வோம். முகம் 600 மி.மீ., ஓரத்தில் 20 மி.மீ. மடிப்பு, அதன் முனையில் உள்பக்கமாக 15 மி.மீ. இன்னொரு மடிப்பு. அகலத்தில் நான்கு வளைவு. வெளி அளவுகளின் கூட்டுத்தொகை 670, 16 மி.மீ. டைக்குக் கழிவு நான்கு 3.8, அதாவது 15.2. லேசரில் 654.8-க்கு வெட்டி வந்துவிட்டது. இயந்திரத்தில் அதற்கு முந்தைய வேலை 2.5 மி.மீ. தகடு, 20 மி.மீ. டை மாட்டியிருக்கிறது. கழற்றி மாட்ட நேரமாகும், 20-லேயே போடலாம், விசையும் குறைவு என்று தோன்றும்.

முதல் துண்டில் கோணம் தவறாக வரும். ஆபரேட்டர் திருத்திவிடுவார். மட்டம் வைத்தால் கச்சிதம். ஆனால் 20 மி.மீ. வாயில் உள் ஆரம் 3.2. மேலே செய்த கணக்கையே மறுபடி போட்டால் ஒரு வளைவுக்குக் கழிவு 4.05. வெட்டியவரோ 3.8 மட்டும் கழித்திருக்கிறார். வளைவுக்கு 0.25 வீதம் நான்கில் 1 மி.மீ. தகடு மிச்சம். மடிப்புகளைத் தடுப்பில் முட்டி வைத்து வளைப்பதால் அவற்றில் ஆளுக்கு 0.13 மட்டும் கூடும், மிச்ச 0.5 மி.மீ. நடுவில் போய்ச் சேரும். வெர்னியரில் மடிப்பை மட்டும் அளந்தால் ஒன்றும் தெரியாது. கதவு 600.5 மி.மீ. ஆகிவிட்டது என்பது பவுடர் கோட்டிங் முடிந்து, சட்டத்தில் மாட்டும்போதுதான் தெரியவரும்.

எஸ்எஸ் வேலையில் டையை மாற்றாமலே இதே விபத்து நடக்கும். 16 மி.மீ. டையில் எஸ்எஸ்ஸின் உள் ஆரம் 20 சதவீதக் கணக்கில் 3.2, கழிவு வளைவுக்கு 4.05. நம் சேனலை எஸ்எஸ்ஸில் செய்தால் வெட்டவேண்டியது 171.9. இரும்புக்குப் போட்ட 172.4 வரைபடத்தை அப்படியே எஸ்எஸ்ஸுக்குக் கொடுத்தால் அரை மி.மீ. தவறு வெட்டும்போதே உள்ளே வந்துவிடுகிறது.

அனுபவப்பட்ட ஃபோர்மேன் ஒருவர் வரைபடம் கொண்டுவரும் இளைஞர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, எந்த வி-க்குப் போட்ட கணக்கு இது?" பல வரைபடங்களில் அதற்கு விடை இருப்பதில்லை. உள் ஆரம் 2 மி.மீ. என்று அழகாகக் குறித்திருப்பார்கள். அந்த 2 மி.மீ. கிடைக்க வாய் 12 மி.மீ. இருக்க வேண்டும், அப்போது கழிவு 3.5 என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவர் தன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு உலோகம், வரிக்கு ஒரு கனம், எதிரே டையின் வாய், 100 மி.மீ. துண்டில் வந்த கழிவு, திரும்பிய டிகிரி. வரைபடம் லேசருக்குப் போவதற்கு முன் அந்த நோட்டைப் பார்த்து அகலம் திருத்தப்படுகிறது. மூலையில் பென்சிலால் "வி 16" என்று எழுதி வட்டம் போடுகிறார். வட்டம் இல்லாத தாளை லேசர் ஆள் வாங்குவதில்லை.